செனர் இருவாயியால் ஒரு நிலைப்படுத்தி: சுமை மாறும்போது செனரின் ஓட்டம் எங்கே போகிறது?

உரும்பிராயில் மாமாவின் தோட்டக் கிணற்றடியில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அது நான்கு விளக்குகளால் காட்டும். பற்றரி இறங்கினால் சிவப்பு விளக்கு ஒன்றையும் எரியவைக்கும். கூரையில் ஒரு சூரியப் பனல், கீழே 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி, பெட்டிக்குள் 5 வோல்ற்றில் வேலை செய்யும் ஒரு நுண்கட்டுப்படுத்தி. 12 வோல்ற்றை 5 ஆக்கும் வேலையை ஒரு தடையும் ஒரு செனர் இருவாயியும் செய்தன. அந்தச் சுற்றைக் கட்டியவன் நான்தான்.

சில மாதங்களில் பற்றரி செத்துவிட்டது. மாமா சொன்னது இதுதான்: "தம்பி, சிவப்பு விளக்கு ஒருநாளும் எரியவில்லை. பற்றரி நல்லாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்." பெட்டியைத் திறந்து பார்த்தேன். எந்தப் பொருளும் கருகவில்லை, ஒட்டுகள் எல்லாம் உறுதியாக இருந்தன. பிழை அந்த ஒரு தடையில் இருந்தது. செம்மஞ்சள், செம்மஞ்சள், மண்ணிறம் என்று நிறவளையங்கள்: 330 ஓம். மேசையில் வைத்துச் சோதித்தபோது சரியாக வேலை செய்த பெறுமானம், தோட்டத்தில் இரவுகளில் பிழைத்துப்போனது. ஏன் பிழைத்தது, எந்தப் பெறுமானம் சரி, அதை எப்படிக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பது என்பதை அந்தப் பெட்டியையே வைத்து எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகவியலில் இந்தச் சுற்றைப் படிக்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

சுற்று எப்படி வேலை செய்கிறது

பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு தொடர் தடை R புறப்படுகிறது. அதன் மறுமுனையிலிருந்து நிலத்துக்கு செனர் இருவாயி பின்முகக் கோடலில் இணைக்கப்படுகிறது. அதாவது கோடு போட்ட முனை மேலே, நேர்ப்பக்கம். அதே இரு புள்ளிகளுக்கிடையே, செனருக்குச் சமாந்தரமாக, சுமை நிற்கிறது. மூன்றே பொருள்கள்.

நம் ஊர் வீடுகளில் உள்ள மேல்தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டர் ஒரே அளவில் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. தாங்கியின் மேல் விளிம்புக்குக் கீழே வழிந்தோடும் குழாய் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரு குழாயையும் திறக்காவிட்டால் ஏறுகிற தண்ணீர் முழுவதும் அந்தக் குழாயால் வழியும். ஒரு குழாயைத் திறந்தால் வழிவது குறையும், நீர்மட்டம் மாறாது. எல்லாக் குழாய்களையும் திறந்து, மோட்டர் ஏற்றுவதைவிட அதிகமாகத் தண்ணீர் எடுத்தால் வழிவது நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் மட்டம் இறங்கத் தொடங்கும்.

தடை R மோட்டரின் வேலையைச் செய்கிறது. செனர் வழிந்தோடும் குழாய். சுமைதான் வீட்டுக் குழாய்கள். செனரின் முனைகளுக்கிடையில் வோல்ற்றளவு ஏறத்தாழ நிலையாக நிற்பதால் R இன் குறுக்கேயுள்ள வோல்ற்றளவும் நிலையாக நிற்கிறது. ஆகவே R ஊடாக வரும் ஓட்டமும் நிலையானது. சுமை எவ்வளவு எடுத்தாலும் பற்றரியிலிருந்து வருவது அதே அளவுதான். சுமை எடுத்ததுபோக மிஞ்சுவது செனருக்கு. கீழே Vin உள்ளீட்டு வோல்ற்றளவு, Vz செனரின் வோல்ற்றளவு, RL சுமையின் தடை; I, IL, Iz என்பன முறையே R, சுமை, செனர் ஊடான ஓட்டங்கள்.

```
I  = (Vin − Vz) / R
IL = Vz / RL
Iz = I − IL
```

இந்த மூன்று வரிகளும் செனர் உடைவில் இருக்கும்போது, அதாவது பின்முகமாகக் கடத்திக்கொண்டிருக்கும்போது, மட்டுமே உண்மை. அதை மறப்பதுதான் இந்தச் சுற்றில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் எழுதவேண்டிய நான்கு எண்கள்

தடையைத் தேடுவதற்கு முன் உள்ளீடு எவ்வளவுக்கு இறங்கும், எவ்வளவுக்கு ஏறும், சுமை குறைந்தது எவ்வளவு எடுக்கும், கூடியது எவ்வளவு எடுக்கும் என்ற நான்கையும் தாளில் எழுதவேண்டும். "12 வோல்ற்று பற்றரி" என்று எழுதித் தொடங்கினால் அங்கேயே பிழைத்துவிடும். நான் செய்தது அதைத்தான்.

ஈய அமிலப் பற்றரி ஒன்றில் 12 வோல்ற்று என்பது பெயர் மட்டுமே. நன்றாகச் சார்ச் ஆகி ஓய்வில் நிற்கும்போது அது ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும். பனல் சார்ச் செய்துகொண்டிருக்கும் நண்பகலில் 14.4 வரை ஏறும். இரவில் சுமையைத் தாங்கிக் களைக்கும்போது 11.5 வரை இறங்கும். ஆகவே நான் எடுத்துக்கொள்வது 11.5 தொடக்கம் 14.5 வோல்ற்று.

சுமையை மல்ரிமீற்றரால் அளந்தேன். தாங்கி வெறுமையாக இருக்கும்போது நுண்கட்டுப்படுத்தி மட்டும் வேலை செய்கிறது, 6 மில்லியம்பியர். தாங்கி நிறைந்து நான்கு விளக்குகளும் எரியும்போது, ஒவ்வொன்றும் 4 மில்லியம்பியர் வீதம், மொத்தம் 22 மில்லியம்பியர்.

செனர் 1N4733A. 5.1 வோல்ற்று, 1 வாற்று. உற்பத்தியாளரின் தரவுத்தாளில் இந்தப் பொருளைப் பற்றி இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, 5.1 வோல்ற்று என்ற பெறுமானம் 49 மில்லியம்பியரில் அளந்தது. அதிலும் 5 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது கையில் கிடைக்கும் துண்டு 4.85 தொடக்கம் 5.36 வரை எதுவாகவும் இருக்கலாம். மற்றது, அதன் உள்தடை. 49 மில்லியம்பியரில் அது 7 ஓம். 1 மில்லியம்பியரில் 550 ஓம் வரை இருக்கலாம். இந்த இரண்டாவது எண்தான் என் பெட்டியைக் கெடுத்தது.

550 ஓம் என்றால் என்ன? ஓட்டம் ஒரு மில்லியம்பியர் மாறினால் வோல்ற்றளவு அரை வோல்ற்றுக்கு மேல் மாறலாம். நிலைப்படுத்துவதற்காக வைத்த பொருளில் அந்தக் குணமே அங்கே இல்லை. 5 வோல்ற்றைச் சுற்றியுள்ள செனர்களின் சிறப்பியல்பு வளையியைப் பாடநூல்கள் செங்குத்தாகக் கீழே விழுவதுபோல் வரைகின்றன. உண்மையில் முழங்கால் மெதுவாக வளைகிறது. ஆகவே செனருக்கு எப்போதும் குறைந்தபட்ச ஓட்டம் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். இந்த 1 வாற்றுத் துண்டுக்கு நான் 10 மில்லியம்பியரை அடிமட்டமாக வைத்துக்கொள்கிறேன். மேல்தாங்கியின் வழிந்தோடும் குழாயில் எப்போதும் சிறிது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் தாங்கி நிறைந்தே இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம்; அதுபோலத்தான்.

தடையைத் தேர்ந்தெடுத்தல்

செனர் பட்டினி கிடக்கக்கூடிய நேரம் எது? உள்ளீடு மிகக் குறைவாகவும் சுமை மிக அதிகமாகவும் இருக்கும் நேரம். களைத்த பற்றரி, நிறைந்த தாங்கி. அந்த நேரத்திலும் R ஊடாக 22 உம் 10 உம் சேர்ந்து 32 மில்லியம்பியர் வரவேண்டும்.

```
R ≤ (11.5 − 5.1) / 0.032 = 200 Ω
```

200 ஓம் என்பது மேல் எல்லை. அதற்குக் கீழே கடையில் எளிதாகக் கிடைக்கும் பெறுமானம் 180 ஓம்: மண்ணிறம், சாம்பல், மண்ணிறம். கிட்டத்தில் 220 இருக்கிறதே என்று அதை எடுக்கக்கூடாது. இந்த எல்லையில் எப்போதும் கீழே இறங்கித்தான் எடுக்கவேண்டும்.

தடைக்கும் 5 வீதப் பிழை உண்டு, செனருக்கும் உண்டு. இரண்டும் எனக்கு எதிராகவே சேர்ந்தால் தடை 189 ஓம், செனர் 5.36 வோல்ற்று. அப்போது 11.5 வோல்ற்றில் R ஊடாக வருவது 6.14 ஐ 189 ஆல் வகுத்தால் 32.5 மில்லியம்பியர். சுமை 22 ஐ எடுத்துக்கொண்டால் செனருக்கு 10.5 மிஞ்சுகிறது. அடிமட்டத்தைத் தாண்டிவிட்டது. 180 ஓம் சரி.

இப்போது பழைய 330 ஐ அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். மேசையில் நான் சோதித்தது பகலில், பனல் இணைத்து, பற்றரி 13.8 வோல்ற்றில் நின்றபோது. 8.7 ஐ 330 ஆல் வகுத்தால் 26.4 மில்லியம்பியர். நான்கு விளக்குகளும் எரிந்தாலும் செனருக்கு 4.4 கிடைத்தது. மீற்றர் 5 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டியது. திருப்தியோடு பெட்டியை மூடிவிட்டேன். இரவில் பற்றரி 11.6 க்கு வந்தால் 330 ஓம் ஊடாக 5.1 வோல்ற்றில் 19.7 மில்லியம்பியர்தான் வரமுடியும். சுமை கேட்பது 22. வழிந்தோடும் குழாய் வற்றிவிட்டது, மட்டம் இறங்கியது. வெளியீடு ஏறத்தாழ 4.8 வோல்ற்றில் போய் நின்றது.

4.8 இல் நுண்கட்டுப்படுத்தி நின்றுவிடாது. விளக்குகளும் எரியும், சிறிது மங்கலாக, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது பற்றரியை அளப்பது தன் வழங்கல் வோல்ற்றளவை அளவுகோலாக வைத்துத்தான். அந்த அளவுகோல் 5.1 என்றே நான் நிரலில் எழுதியிருந்தேன். கோல் சுருங்கினால் அளக்கப்படும் பொருள் நீண்டதாகத் தெரியும். 11.6 ஐ 5.1 ஆல் பெருக்கி 4.8 ஆல் வகுத்தால் 12.3. களைத்த பற்றரியை 12.3 என்று அது படித்துக்கொண்டிருந்தது. 11.8 இல் எரியவேண்டிய சிவப்பு விளக்கு எரியவே இல்லை. பற்றரி எவ்வளவுக்கு இறங்கியதோ அவ்வளவுக்கு அந்தப் பொய்யும் வளர்ந்தது.

செனருக்குக் கடினமான நேரம்

பட்டினியைப் பார்த்தாயிற்று. இனி மறுபுறம். செனர் அதிகம் சூடாவது எப்போது என்று கேட்டால் பலர் சுமை அதிகமாக இருக்கும்போது என்று சொல்லிவிடுவார்கள். நேர்மாறானது. சுமை அதிகம் எடுத்தால் செனருக்குக் குறைவாகவே வரும். சுமையைக் கழற்றிவிட்டு, பற்றரி உச்சத்தில் சார்ச் ஆகும் நண்பகலில் சுற்றை விட்டால் வருகிற ஓட்டம் முழுவதையும் செனர் தனியாகச் சுமக்கவேண்டும். இந்தப் பெட்டியில் சுமை ஒரு செருகியால் இணைகிறது. யாரும் எப்போதும் கழற்றலாம். ஆகவே கணக்கில் குறைந்த சுமையை 6 என்று எடுக்காமல் சுழியம் என்றே எடுத்தேன்.

```
I  = (14.5 − 5.1) / 180 = 52.2 mA
Pz = 5.1 × 0.0522 = 0.27 W
PR = 9.4² / 180 = 0.49 W
```

பிழைகள் எதிராகச் சேர்ந்து தடை 171 ஓம், செனர் 4.85 என்றானால் ஓட்டம் 56.4 மில்லியம்பியர், செனரின் வலு அப்போதும் 0.27 வாற்றுத்தான், தடையினது 0.54 வாற்று. 1 வாற்றுச் செனருக்கு இது இலேசு. தகரக் கூரையின் கீழ் மூடிய பெட்டிக்குள் வெப்பம் ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த வகைச் செனரின் காலில் வெப்பநிலை 50 பாகையைத் தாண்டினால் ஒவ்வொரு பாகைக்கும் 6.67 மில்லிவாற்று வீதம் தாங்கும் அளவு குறைகிறது. 70 பாகையில் 867 மில்லிவாற்று மிஞ்சும். கவலை இல்லை.

கவலைப்படவேண்டியது தடையைப் பற்றி. கால் வாற்றுத் தடைகளை மட்டும் கையில் வைத்திருப்பவர் அதையே ஒட்டிவிட்டால் அது தன் அளவைப்போல இரு மடங்கைச் சுமக்கும். மேற்பூச்சு கருத்துப்போகும், பெறுமானம் நகரும். அரை வாற்றும் சரியாக எல்லையில் நிற்கிறது. வெளியீடு தவறுதலாகக் குறுஞ்சுற்றானால் 14.5 வோல்ற்று முழுவதும் தடையின் மேல் விழும், 1.17 வாற்று. ஆகவே 2 வாற்றுத் தடை போட்டேன். அது கிடைக்காவிட்டால் 82 ஓமையும் 100 ஓமையும் தொடராக, ஒவ்வொன்றும் 1 வாற்றாக எடுக்கலாம். 182 ஓம் ஆகும், வெப்பம் இரண்டாகப் பிரியும். தடையைப் பலகையிலிருந்து சற்று உயர்த்தி, செனரிலிருந்து விலக்கி ஒட்டுங்கள்.

சுமை மாறும்போது செனரின் ஓட்டம்

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. பற்றரி 12.6 வோல்ற்றில் ஓய்வாக நிற்கிறது என்று எடுத்துக்கொள்வோம். R ஊடாக வருவது 7.5 ஐ 180 ஆல் வகுத்து 41.7 மில்லியம்பியர். இந்த எண்ணைத் தாளின் தலைப்பில் எழுதிவைத்துவிட்டால் மீதி வெறும் கழித்தல். சுமை இல்லாவிட்டால் செனரில் 41.7. தாங்கி வெறுமையாக, சுமை 6 ஆக இருந்தால் 35.7. நிறைந்து 22 ஆனால் 19.7. சுமை ஒரு மில்லியம்பியர் கூடினால் செனரில் ஒரு மில்லியம்பியர் குறைகிறது. வரைபில் போட்டால் கீழ்நோக்கிச் சரியும் நேர்கோடு, படித்திறன் கழித்தல் ஒன்று. பற்றரி 14.5 க்கு ஏறினால் அந்தக் கோடு அப்படியே சமாந்தரமாக மேலே போய் 52.2 இல் தொடங்கும். 11.5 க்கு இறங்கினால் 35.6 இல் தொடங்கும். அப்போது 22 மில்லியம்பியர் சுமையில் செனருக்குக் கிடைப்பது 13.6.

கோடு 41.7 இல் சுழியத்தைத் தொடுகிறது. அதற்கு அப்பால் சுமையைக் கூட்டினால் என்ன நடக்கும்? இங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். சுமைக்குப் பதிலாக 100 ஓம் தடை ஒன்றை இணைக்கிறோம். சூத்திரத்தில் போட்டால் சுமையின் ஓட்டம் 5.1 ஐ 100 ஆல் வகுத்து 51 மில்லியம்பியர். செனரின் ஓட்டம் 41.7 இலிருந்து 51 ஐக் கழித்து, −9.3 மில்லியம்பியர்.

கழித்தல் குறி வந்தவுடன் சிலர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு 9.3 என்று எழுதுகிறார்கள். சிலர் ஓட்டம் எதிர்த்திசையில் போகிறது என்று விளக்கம் எழுதுகிறார்கள். இரண்டும் பிழை. செனர் ஒரு மின்கலம் அல்ல. சுமைக்குத் தன்னிடமிருந்து ஓட்டத்தைக் கொடுக்க அதனால் முடியாது. கழித்தல் குறி சொல்வது ஒன்றே ஒன்று: செனர் உடைவில் இருக்கிறது என்று நாம் கொண்ட எடுகோள் பொய். எடுகோள் பொய்யானால் அதிலிருந்து வந்த 5.1, 51, 41.7 ஆகிய எல்லா எண்களையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டும்.

மறுபடி தொடங்குவது எளிது. செனரைக் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் வோல்ற்றளவு எவ்வளவு என்று பாருங்கள்.

```
V = Vin × RL / (R + RL)
  = 12.6 × 100 / 280 = 4.5 V
```

4.5, செனரின் 5.1 ஐவிடக் குறைவு. ஆகவே செனர் விழிக்கவே இல்லை. அதன் ஓட்டம் சுழியம், வெளியீடு 4.5 வோல்ற்று, R ஊடாகவும் சுமை ஊடாகவும் போவது ஒரே 45 மில்லியம்பியர். கழற்றிப் பார்த்தபோது 5.1 க்கு மேல் வந்திருந்தால்தான் செனரைத் திரும்பப் பொருத்தி மேலே தந்த மூன்று வரிகளையும் பயன்படுத்தலாம். நான் இப்போது எந்தச் செனர்க் கணக்கையும் செனரைக் கழற்றித்தான் தொடங்குகிறேன். இந்தச் சுற்றில் 12.6 வோல்ற்றில் எல்லைத் தடை 5.1 ஐ 180 ஆல் பெருக்கி 7.5 ஆல் வகுத்தால் வரும் 122 ஓம். சுமையின் தடை அதற்குக் கீழே போனால் செனர் இருந்தும் இல்லாததே.

மீற்றரால் அளந்து பார்த்தல்

செனரின் ஓட்டத்தை அளக்க அதன் காலை வெட்டி மீற்றரைத் தொடராக இணைக்கவேண்டியதில்லை. மீற்றரை வோல்ற்றளவில் வைத்து R இன் குறுக்கே ஒன்று, வெளியீட்டில் ஒன்று என்று இரண்டு வாசிப்புகள் போதும். அதற்கு முன், சுற்றில் ஒட்டாத நிலையில் தடைகளின் உண்மைப் பெறுமானங்களை அளந்து எழுதிவைக்கவேண்டும்.

என் மேசையில் 180 ஓம் தடை 179 ஓம் காட்டியது. பற்றரி 12.62 வோல்ற்று. சுமையாக 992 ஓம் தடை ஒன்றை வைத்தபோது வெளியீடு 4.98, R இன் குறுக்கே 7.64. வகுத்தால் R ஊடாக 42.7, சுமையில் 5.0, செனருக்கு 37.7 மில்லியம்பியர். பிறகு சுமையை 268 ஓமாக மாற்றினேன். வெளியீடு 4.88, R இன் குறுக்கே 7.74. R ஊடாக 43.2, சுமையில் 18.2, செனருக்கு 25.0.

இந்த இரண்டு வாசிப்புகளையும் அருகருகே வையுங்கள். சுமை 13 மில்லியம்பியருக்கு மேல் கூடியும் பற்றரியிலிருந்து வருவது அரை மில்லியம்பியரே மாறியிருக்கிறது. செனரின் ஓட்டம் 12.7 குறைந்தது, வெளியீடு 0.10 வோல்ற்று இறங்கியது. ஒன்றை மற்றதால் வகுத்தால் உள்தடை ஏறத்தாழ 8 ஓம். தரவுத்தாள் 49 மில்லியம்பியரில் சொல்லும் 7 ஓமோடு இது ஒத்துப்போகிறது. ஓட்டம் குறையும்போது உள்தடை கூடுவது இயல்பு. வெளியீடு 5.1 க்குப் பதிலாக 4.98 ஆக நிற்பதும் பிழையல்ல, 5 வீதத்துக்குள் அடங்குகிறது.

அளக்கும்போது காணும் வேறு மூன்று நிலைகளும் உண்டு. வெளியீடு 0.7 வோல்ற்று காட்டினால் செனரைத் தலைகீழாக ஒட்டிவிட்டீர்கள். சாதாரண இருவாயிபோல முன்முகமாகக் கடத்துகிறது. வெளியீடு சுழியத்துக்குக் கிட்ட நின்றால் செனர் உள்ளே ஒட்டிப்போயிருக்கிறது, அல்லது சுமை குறுஞ்சுற்று. மூன்றாவதுதான் ஆபத்தானது: செனரின் ஒட்டு விட்டுவிட்டால் 6 மில்லியம்பியர் எடுக்கும் சுமையின் முனைகளில் 10 வோல்ற்றுக்கு மேல் ஏறிவிடும், நுண்கட்டுப்படுத்தி போய்விடும். ஆகவே முதல்முறை மின் கொடுக்கும்போது சுமையை இணைக்காதீர்கள். செனர் மட்டும் நிற்க, வெளியீடு 5 ஐச் சுற்றி நிற்கிறதா என்று பார்த்த பிறகு செருகியைப் போடுங்கள்.

இந்தச் சுற்றின் எல்லைகள்

முதலாவது, வீண்செலவு. சுமை தூங்கினாலும் விழித்தாலும் பற்றரியிலிருந்து 42 மில்லியம்பியர் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 1 அம்பியர் மணி. 7 அம்பியர் மணிப் பற்றரி, பனல் இல்லாமல், ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். 7805 என்ற மூன்றுகால் நிலைப்படுத்தி தனக்கென எடுப்பது ஏறத்தாழ 5 மில்லியம்பியர்தான். பனல் இல்லாத இடத்தில் நான் செனரைப் போடமாட்டேன். மாமாவின் பெட்டியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த 5 வோல்ற்று ஈரமான கம்பிகளில் தாங்கி வரைக்கும் போகிறது; அங்கே இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டாலும் 180 ஓம் ஊடாக 81 மில்லியம்பியருக்கு மேல் எதுவும் போகமுடியாது. ஒன்றும் எரியாது. கம்பியைப் பிரித்துவிட்டால் சுற்று தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

இரண்டாவது, திடீரென்று பெரிதாக இழுக்கும் சுமைகள். வைஃபை உள்ள நுண்கட்டுப்படுத்திகள் அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லியம்பியர் இழுக்கும். இந்த முறையில் அதைத் தாங்க R ஐக் குறைத்தால் மீதி நேரம் முழுவதும் அந்தச் சில நூறையும் செனர் சுமக்கவேண்டும். அது நடக்காத காரியம். சிறிய துள்ளல்களுக்கு வெளியீட்டில் 10 மைக்ரோபரட்டு கொள்ளளவி ஒன்று போதும். அதற்கு மேல் என்றால் செனரின் பின்னால் ஒரு திரான்சிற்றரை வைத்து, சுமையை அது சுமக்க, செனர் அதன் அடிவாயின் வோல்ற்றளவை மட்டும் நிலையாக வைத்திருக்கும்படி செய்யவேண்டும். திரான்சிற்றர் 0.7 வோல்ற்றை விழுங்கும் என்பதால் செனர் 5.6 ஆக இருக்கவேண்டும்.

மூன்றாவது, என் பழைய பிழையோடு தொடர்புடையது. 180 ஓம் போட்ட பிறகும் செனரின் ஓட்டம் 13.6 இலிருந்து 46.2 வரை ஆடுகிறது. 8 ஓம் உள்தடையில் அது கால் வோல்ற்று. வழங்கலுக்கு அது ஒன்றுமில்லை. அளவுகோலுக்கு அது 5 வீதம். 11.8 இல் எரியவேண்டிய விளக்கு அதற்குச் சற்று முந்தியோ பிந்தியோ எரியலாம். ஆகவே வழங்கலைச் செனரிடம் விட்டுவிட்டு, பற்றரியை அளக்கும் கோலாக நுண்கட்டுப்படுத்திக்குள் இருக்கும் 1.1 வோல்ற்று மேற்கோளை எடுத்துக்கொண்டேன். நான் பயன்படுத்திய ATmega328 இல் அது உள்ளேயே இருக்கிறது. வழங்கல் சற்று ஆடினாலும் அது ஆடாது. துண்டுக்குத் துண்டு வேறுபடும் என்பதால் நல்ல மீற்றரோடு ஒருமுறை ஒப்பிட்டு அந்தப் பெறுமானத்தை நிரலில் எழுதவேண்டும்.

புதிய பற்றரியும் 2 வாற்றுத் தடையும் போட்ட பின், ஒரு வாரம் கழித்து இரவில் உரும்பிராய்க்குப் போனேன். பனலின் கம்பியை முதல்நாளே கழற்றிவிடும்படி மாமாவிடம் சொல்லியிருந்தேன். தாங்கி நிறைந்து நான்கு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மீற்றரை வைத்தேன்: பற்றரி 11.61, R இன் குறுக்கே 6.74, வெளியீடு 4.87. R ஊடாக 37.7 மில்லியம்பியர்; சுமை 22 போக செனருக்கு 15 க்குச் சற்று மேல். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா மோட்டர் ஆளியை நிறுத்திவிட்டு வந்து அதைப் பார்த்தார். பிறகு பனலின் கம்பியைத் திரும்ப மாட்டுவதற்கு ஏணியைத் தேடிப் போனார்.